ஒரு படம், நான்கு விடைகள்

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பயிற்சித் தாளில் அச்சான கட்டங்கள், அவற்றில் ஒன்று மட்டும் கறுப்பு. கூடவே ஒரு குரல் பதிவு.

"மாமா, இடது கீழ் மூலைக் கட்டத்துலேருந்து வலது மேல் மூலைக் கட்டத்துக்குப் போகணும். வலப்பக்கம் போகலாம், இல்லாட்டி மேலே போகலாம், வேற எங்கேயும் திரும்பக் கூடாது. கறுப்புக் கட்டத்துல கால் வைக்கக் கூடாது. மொத்தம் எத்தனை வழின்னு கேள்வி. எனக்கு முப்பது வருது. ஒருத்தி அறுபத்தாறுங்கிறா. இன்னொருத்தன் எண்பத்தாறுங்கிறான். ட்யூஷன் குரூப்புல ஒரு அண்ணன் நானூத்தி அறுபத்திரெண்டுன்னு போட்டிருக்கார். யார் சொல்றது சரி மாமா?"

நால்வரின் கணக்கையும் வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். ஒருவர் கூட்டலிலும் பிழை இல்லை, ஒருவர் பெருக்கலிலும் பிழை இல்லை. பிழை அதற்கு முன்பே நடந்திருந்தது. நால்வரும் ஒரே தாளைத்தான் கணக்கிட்டார்கள், ஆனால் அந்தத் தாள் அவர்கள் கண்ணுக்கு நான்கு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அது எப்படி என்று சொல்வதற்கு முன், இந்தக் கணக்கைச் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முறை தெரிந்தால்தான் பிழை எங்கே நுழைந்தது என்பது பிடிபடும்.

அசல் தாளில் இருந்தது இதுதான். படுக்கையாக ஓடும் நிரைகள் 5, நெட்டாக நிற்கும் நிரல்கள் 6, ஆக 30 கட்டங்கள். இடமிருந்து மூன்றாவது நிரலும் கீழிருந்து இரண்டாவது நிரையும் சந்திக்கும் கட்டம் கறுப்பு.

பேனாவை எடுத்து ஒவ்வொரு வழியாக வரைந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பத்துப் பதினைந்து வழி வரைந்த பிறகு, எதை வரைந்தோம், எதை விட்டோம் என்பது மறந்துவிடும். அதோடு, கட்டங்கள் கொஞ்சம் கூடினாலே எண்ணிக்கை கை மீறிப் போகும். பக்கத்துக்கு 20 சதுரம் உள்ள கட்டத்தில் கோடுகளின் மேலேயே நடந்து மூலைக்கு மூலை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 1,37,84,65,28,820 வழிகள் இருக்கின்றன. பதிமூவாயிரத்து எழுநூற்று எண்பத்து நான்கு கோடிக்கும் மேல். ஆகவே வழிகளை வரைவதை விட்டுவிட்டு, கட்டங்களைப் பார்த்துக் கேட்க வேண்டும்: இந்தக் கட்டத்துக்கு வந்து சேர எத்தனை வழி?

வலமும் மேலும் மட்டும்தான் நகர முடியும் என்பதால், எந்தக் கட்டத்துக்கும் வருவதற்கு இரண்டே வாசல்கள்தான். ஒன்று இடப்பக்கத்துக் கட்டம், மற்றது கீழ்க் கட்டம். அந்த இரண்டு கட்டங்களுக்கும் எத்தனை வழிகளில் வரலாம் என்பது தெரிந்துவிட்டால், இரண்டையும் கூட்டினால் இந்தக் கட்டத்தின் எண் வந்துவிடும். கீழ் நிரைக் கட்டங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே நேராக வலப்பக்கம் நடந்துதான் வர முடியும், எனவே எல்லாவற்றிலும் 1. இடது ஓர நிரலிலும் அப்படியே 1. கறுப்புக் கட்டத்துக்கு யாரும் வர முடியாது, அதில் 0 என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் வெறுமனே விட்டுவிட்டால், நிரப்பிக்கொண்டு போகும் வேகத்தில் கை அதிலும் ஒரு எண்ணை எழுதிவிடும். பிள்ளைகளின் நோட்டில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கீழ் நிரையில் தொடங்கி மேலே மேலே நிரப்பினால் இப்படி வருகிறது:

```
1   5   12   23   40   66
1   4    7   11   17   26
1   3    3    4    6    9
1   2    0    1    2    3
1   1    1    1    1    1
```

இரண்டாவது நிரையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1, அடுத்து 1 + 1 = 2, அடுத்தது கறுப்பு, எனவே 0. நான்காவது கட்டத்துக்கு இடப்பக்கத்திலிருந்து வருவது 0, கீழேயிருந்து வருவது 1, ஆக 1. தடையின் பாதிப்பு இங்கே தொடங்குகிறது. தடை இல்லாவிட்டால் அந்த நிரை 1, 2, 3, 4, 5, 6 என்று போயிருக்கும். இப்போது 1, 2, 0, 1, 2, 3. கறுப்புக் கட்டத்துக்கு வலப்பக்கத்திலும் மேலேயும் உள்ள எல்லாக் கட்டங்களிலும் எண் குறைகிறது. அதற்கு இடப்பக்கம் உள்ள நிரல்களில் ஒரு எண்கூட மாறவில்லை, கீழ் நிரையிலும் மாறவில்லை. வலது மேல் மூலையில் 66. அதுதான் விடை. தாளைக் கையில் வைத்திருந்த அந்தப் பெண் சொன்ன எண்ணும் அதுவே.

எந்தச் சூத்திரமும் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்துவிடலாம், கூட்டல் வந்தால் போதும். இந்த அட்டவணையின் வயது அதிகம். 1654-இல் பிரான்சில் பாஸ்கல் எழுதி, அவர் இறந்த பிறகு 1665-இல் அச்சான நூலில் எண் முக்கோணம் என்று ஒன்று வருகிறது. இன்று நம் பாடப் புத்தகங்களில் அது கூரைபோல் நிமிர்ந்த முக்கோணமாக இருக்கும். பாஸ்கல் போட்ட படமோ நிரையும் நிரலுமான கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பக்கத்துக் கட்டத்தையும் மேல் கட்டத்தையும் கூட்டி எழுதச் சொல்கிறார். நாம் கீழிருந்து நிரப்பினோம், அவர் மேலிருந்து நிரப்பினார், அவ்வளவுதான் வேறுபாடு.

அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது இந்தியாவில் இருந்தது. பிங்கலரின் சந்த சாஸ்திரத்துக்கு 10-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர், மேரு என்ற பெயரில் இதைப் போட்டுக் காட்டுகிறார். உச்சியில் ஒரு கட்டம், அதன் கீழே பாதி பாதி வெளியே தள்ளினாற்போல் இரண்டு, அதற்குக் கீழே மூன்று. ஓரக் கட்டங்களில் 1, உள்ளே உள்ளதில் மேலிரண்டின் கூட்டல். அவருக்கு வேண்டியிருந்தது கட்ட வழி இல்லை, செய்யுள். குறிப்பிட்ட எண்ணிக்கை அசைகள் உள்ள அடியில் குரு இத்தனை, லகு இத்தனை என்றால் எத்தனை விதமாக அடுக்கலாம் என்பது அவர் கேள்வி.

இரண்டும் ஒரே கேள்வி என்பது நம் கட்டத்தில் நடந்து பார்த்தால் தெரியும். ஆறு நிரல் இருந்தால் முதல் நிரலிலிருந்து ஆறாவதுக்கு ஐந்து முறை வலம் போக வேண்டும். ஐந்து நிரை என்றால் நான்கு முறை மேலே போக வேண்டும். எந்த வழியில் போனாலும் மொத்தம் ஒன்பது நகர்வு, அதில் நான்கு மேல்நோக்கி. ஒன்பது அசை உள்ள அடியில் எந்த நான்கு இடத்தில் குரு என்று கேட்பதும், ஒன்பது நகர்வில் எந்த நான்கு மேல்நோக்கி என்று கேட்பதும் ஒன்றுதான். 9 × 8 × 7 × 6 என்பதை 4 × 3 × 2 × 1 ஆல் வகுத்தால் 126. தடையே இல்லாவிட்டால் நம் கட்டத்தில் 126 வழிகள்.

தடை எத்தனையைத் தின்றது? 126-இல் 66 போக 60. இந்த 60-ஐ நேராகவும் கண்டுபிடிக்கலாம். கறுப்புக் கட்டத்தைக் கறுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்திலிருந்து அங்கே வர இரண்டு வலம், ஒரு மேல்: 3 வழி. அங்கிருந்து முடிவுக்கு மூன்று வலம், மூன்று மேல்: 20 வழி. 3-ஐயும் 20-ஐயும் பெருக்கினால் 60.

இங்கேதான் பல பிள்ளைகள் பெருக்குவதற்குப் பதில் கூட்டுகிறார்கள். 3 + 20 = 23, 126-இல் 23 போக 103 என்று எழுதிவிடுகிறார்கள். "ஏன் பெருக்கணும்?" என்று கேட்டால், "சூத்திரம் அப்படித்தான்" என்பார்கள். அக்கா மகளும் அதைத்தான் சொன்னாள். சூத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, படத்தில் ஒரு சாய்வுக் கோடு போடச் சொன்னேன்.

நான்காவது நகர்வுக்கு முன்னால், அதாவது மூன்று நகர்வு முடிந்த நிலையில், நாம் எந்தெந்தக் கட்டத்தில் நிற்கக்கூடும்? மூன்றும் வலம் என்றால் கீழ் நிரையின் நான்காவது கட்டம். இரண்டு வலம், ஒரு மேல் என்றால் இரண்டாவது நிரையின் மூன்றாவது கட்டம், அதாவது கறுப்பு. ஒரு வலம், இரண்டு மேல் என்றால் மூன்றாவது நிரையின் இரண்டாவது கட்டம். மூன்றும் மேல் என்றால் நான்காவது நிரையின் முதல் கட்டம். இந்த நான்கும் சாய்வாக ஒரே வரிசையில் நிற்கின்றன. எந்த வழியாக வந்தாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும், ஒன்றுக்கு மேல் கடக்கவும் முடியாது. ஒரு ஊருக்குப் போகும் வழியில் நான்கு பாலங்கள், ஆற்றைக் கடக்க ஏதேனும் ஒரு பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பது போல.

ஒவ்வொரு பாலத்துக்கும் இந்தக் கரையில் வந்து சேரும் வழிகளையும், அந்தக் கரையிலிருந்து முடிவுக்குப் போகும் வழிகளையும் பார்ப்போம். முதல் பாலத்துக்கு வர 1, அங்கிருந்து போக 15. கறுப்புப் பாலத்துக்கு வர 3, போக 20. மூன்றாவதுக்கு வர 3, போக 15. நான்காவதுக்கு வர 1, போக 6. கறுப்புப் பாலத்துக்கு மூன்று வழியாக வரலாம் என்றால், அந்த மூன்றில் எப்படி வந்தவரும் மறுகரையில் இருபதில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். முதல் வழியில் வந்தவருக்கு இருபது, இரண்டாம் வழியில் வந்தவருக்கு இருபது, மூன்றாம் வழியில் வந்தவருக்கு இருபது. அதனால்தான் பெருக்கல். பாலத்துக்குப் பாலம் கணக்கு 15, 60, 45, 6. கூட்டினால் 126. கறுப்புப் பாலத்தை மூடினால் 15 + 45 + 6 = 66.

போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாமா, அப்போ எந்தச் சாய்வுக் கோடு போட்டாலும் 66 வரணுமே?" என்று கேட்டாள். வர வேண்டும். அந்தக் கேள்வி அவளிடமிருந்தே வந்ததில் எனக்கு அன்று சாப்பாடே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நிரப்புவது. ஒவ்வொரு கட்டத்திலும் 'இங்கிருந்து முடிவுக்குப் போக எத்தனை வழி' என்று எழுத வேண்டும். மேல் நிரையிலும் வலது ஓர நிரலிலும் 1, மற்றவற்றில் வலக் கட்டத்தையும் மேல் கட்டத்தையும் கூட்டியது, கறுப்பில் 0. இப்படி இறங்கி வந்தால் தொடக்கக் கட்டத்துக்கு வலப்பக்கத்தில் 30, மேல் பக்கத்தில் 36 வரும். கூட்டினால் 66. முன்னோக்கி நிரப்பியதும் பின்னோக்கி நிரப்பியதும் ஒத்துப்போனால், நடுவில் கை பிசகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

அந்த 30-ஐயும் 36-ஐயும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தடை இல்லாத கட்டத்தில் முதல் அடியை வலப்பக்கம் வைத்தால் 70 வழி, மேல்பக்கம் வைத்தால் 56 வழி. வலப்பக்கம்தான் வளமான பக்கம். கறுப்பு வந்த பிறகு வலத்தில் 40 போய் 30-தான் மிச்சம். மேல்பக்கத்தில் 20 மட்டும் போய் 36 நிற்கிறது. ஒரே ஒரு கட்டம் மூடியதில் முதல் அடியின் லாபம் பக்கம் மாறிவிட்டது. கறுப்பு கீழ்நிரைக்கு ஒட்டி, இரண்டாவது நிரையில் உட்கார்ந்திருப்பதே காரணம். கீழே வலப்பக்கம் நடந்து போகிறவர்களைத்தான் அது அதிகம் மறிக்கிறது. அதே கறுப்பை இடது மேல் மூலையில் வைத்திருந்தால், போவது ஒரே ஒரு வழி, 125 மிச்சம். தொடக்கத்துக்கு வலப்பக்கத்திலேயே வைத்திருந்தால் 70 போய் 56-தான் மிச்சம். ஆக, கட்டங்கள் மொத்தம் எத்தனை என்பது மட்டும் தெரிந்தால் போதாது. கறுப்பு எங்கே என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். போனில் எடுத்த படம் நம்மை ஏமாற்றுவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

அக்கா மகளின் 30 எங்கிருந்து வந்தது? அவள் அனுப்பிய படத்தில் நிரல்கள் ஐந்துதான். பயிற்சித் தாள்களைச் சேர்த்து பைண்டிங் போட்டிருந்தார்கள். கட்டத்தின் இடது ஓரம் தைத்த மடிப்புக்குள் வளைந்து இறங்கிவிட்டது. மேலேயிருந்து எடுத்த படத்தில் முதல் நிரல் நிழலோடு நிழலாக மறைந்துபோனது. மீதி இருந்தது ஐந்துக்கு ஐந்து, கறுப்பு இரண்டாவது நிரலில். அதற்கு மொத்தம் 70, கறுப்பு வழியே 2 × 20 = 40, மிச்சம் 30. கணக்கு கச்சிதம், ஆனால் கட்டம்தான் வேறு. முன்பு பார்த்த 30-ம் இதுவும் ஒன்றே என்பது தற்செயல் இல்லை. முதல் நிரல் காணாமல் போனால், தொடக்கம் இரண்டாவது நிரலுக்குத் தள்ளப்படுகிறது. முதல் அடியை வலப்பக்கம் வைத்தவர்களின் வழிகள் மட்டும்தான் எண்ணப்பட்டிருக்கின்றன.

படத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டத்தின் வெளிக்கோடு வலது, மேல், கீழ் மூன்று பக்கமும் தடிமனாக இருந்தது. இடப்பக்கம் மட்டும் உள்கோடு போல மெலிசு. மேலும் கீழும் ஓடிய தடித்த கோடுகள் இடது மூலையில் நிற்காமல் நிழலுக்குள் நீண்டுகொண்டே போயின. வெளிக்கோடு ஒரு பக்கம் மெலிந்திருந்தால், அந்தப் பக்கம் கட்டம் இன்னும் முடியவில்லை என்று பொருள். "கண்ணு, புத்தகத்தை நல்லா அழுத்திப் பிடிச்சு இன்னொரு படம் எடு" என்றேன். இரண்டாவது படத்தில் ஆறு நிரலும் இருந்தன.

கோட்டை எண்ணினால் கட்டம் வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறு நிரலுக்கு நெட்டுக் கோடு ஏழு. மங்கலான படத்தில் கட்டங்களை விடக் கோடுகளைத்தான் கண் எளிதாகப் பிடிக்கும், அதனால் பலர் கோடுகளை எண்ணிவிட்டு ஒன்றைக் கழிக்க மறக்கிறார்கள்.

86 சொன்ன பையனுக்கு நடந்தது வேறு. அவனுக்கு வந்த படம் பக்கவாட்டில் படுத்திருந்தது. நிரல் ஐந்து, நிரை ஆறு, கறுப்பு இரண்டாவது நிரலில் நான்காவது நிரை. படத்தில் எழுத்து ஒன்றும் விழவில்லை, கட்டம் மட்டும்தான். கேள்வியைக் குரல் பதிவில் கேட்டுக்கொண்டு, தன் படத்தின் இடது கீழ் மூலையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டான். அசல் தாளில் அது வலது கீழ் மூலை. மொத்தம் 126 மாறவில்லை. கறுப்புக்கு வரும் வழி 4, அங்கிருந்து போகும் வழி 10, ஆக 40 போய் 86.

படம் ஏன் படுத்துக்கொள்கிறது என்பதற்கு எளிய காரணம் இருக்கிறது. எது மேல், எது கீழ் என்பதைப் போன் புவியீர்ப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. சுவரில் மாட்டிய படத்தை எடுக்கும்போது போன் நிமிர்ந்து நிற்கும், குழப்பம் வராது. மேசையில் கிடக்கும் தாளை எடுக்கும்போது போனும் தாளுக்கு இணையாகப் படுத்துவிடுகிறது. புவியீர்ப்பு திரைக்குக் குறுக்கே நேராக இறங்குகிறது. திரையின் எந்தப் பக்கம் மேல் என்று அதனால் தீர்மானிக்க முடியாமல், முன்பிருந்த நிலையையோ சிறு சாய்வையோ பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தை மேல் என்று எழுதிவிடுகிறது. சதுரங்கம் போல எட்டுக்கு எட்டாக இருந்தால், திரும்பியிருப்பது கட்டத்தின் உருவத்தில் தெரியவே தெரியாது. ஒரே ஒரு அச்செழுத்து படத்தில் விழுந்திருந்தாலும் போதும், அது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சாய்வாக எடுத்த படத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாய்த்து எடுத்தால் தொலைவில் உள்ள கட்டங்கள் சிறுத்துத் தெரியும், சதுரம் சரிவகமாகும். ஆனால் எந்தக் கட்டத்துக்கு எது பக்கத்துக் கட்டம் என்பது மாறாது. நமக்கு வேண்டியது அது மட்டுமே. ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள், விரல் வைத்து எண்ணுங்கள். கறுப்பு உண்மையில் அச்சா அல்லது கையின் நிழலா என்ற சந்தேகம் வந்தால், ஓரத்தைப் பாருங்கள். அச்சிட்ட கறுப்பு கோட்டோடு நின்றுவிடும். நிழல் கோட்டைத் தாண்டிப் போகும், ஓரம் மெல்ல மங்கும்.

ட்யூஷன் அண்ணனின் 462 படத்தால் வந்ததில்லை, படித்த விதத்தால் வந்தது. அவர் கட்டங்களுக்குள் நடக்காமல் கோடுகளின் மேல் நடந்தார். ஆறு சதுரத்தின் அகலத்தைக் கோட்டின் மேல் கடக்க ஆறு நகர்வு, ஐந்து சதுரத்தின் உயரத்துக்கு ஐந்து நகர்வு. பதினொன்றில் ஐந்து மேல்நோக்கி என்றால் 462. கறுப்பு என்ன ஆயிற்று? சதுரத்தின் உள்ளேதான் கறுப்பு, சுற்றியுள்ள கோடுகள் திறந்தே இருக்கின்றன. கோட்டின் மேல் நடப்பவருக்கு அது குளத்தைச் சுற்றிய சாலை மாதிரி, ஒரு வழிகூடக் குறையாது. அங்கேயே அவர் நிதானித்திருக்க வேண்டும். தடை என்று ஒன்றைக் கேள்வியில் கொடுத்திருக்க, அதனால் விடை கொஞ்சமும் மாறவில்லை என்றால், கேள்வியை வேறு விதமாகப் படித்துவிட்டோம் என்பதற்கு அது பெரிய அடையாளம். 'இந்தச் சந்திப்பு மூடப்பட்டுள்ளது' என்று ஒரு கோட்டுச் சந்திப்பில் குறி இருந்தால் அவர் படித்தது சரி. சதுரமே கறுப்பாக இருந்து, மூலைக் கட்டத்திலிருந்து மூலைக் கட்டத்துக்கு என்று கேட்டிருந்தால், நடப்பது கட்டத்துக்குள்தான்.

கடைசியாக ஒன்று. ஒரு கறுப்புக்குப் பழகிய கை, இரண்டு கறுப்பு வந்தால் சறுக்கும். அதே கட்டத்தில் நான்காவது நிரல், நான்காவது நிரைக் கட்டமும் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே போவதும் 20 × 3 = 60 தான். 126-இல் இரண்டு முறை 60 கழித்தால் 6. அது தவறு. இரண்டு கறுப்பையும் தொட்டுப் போகும் வழிகள் 3 × 3 × 3 = 27 இருக்கின்றன. அவற்றை இரண்டு முறை கழித்துவிட்டோம், ஒரு முறை திருப்பிக் கூட்ட வேண்டும். 6 + 27 = 33. கட்டம் கட்டமாகக் கூட்டிக்கொண்டு போகும் முறையில் இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டு இடத்தில் 0 எழுதிவிட்டு நிரப்பினால், மூலையில் 33 தானாக வந்து நிற்கும். தேர்வில் நேரம் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் அதையே சொல்வேன்: கழித்தலில் விடையைக் காணுங்கள், கூட்டலில் சரிபாருங்கள்.

இந்த மாதிரிக் கணக்கை யாருக்காவது படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால், கட்டத்தின் நான்கு மூலைகளும், அதன் வெளிக்கோடும், கேள்வியின் ஒரு வரியாவதும் படத்துக்குள் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வாங்குகிறவர் முதலில் அதை ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டு, நிரைக்கும் நிரலுக்கும் எண் போட்ட பிறகு கூட்டத் தொடங்கட்டும்.